17 மில்லிமீட்டரில் ஊசி போடாமல் விட்டது தப்பா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 29 வயசு. முக்கூடல் பக்கம் ஊர், பீடி சுத்துறேன். கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு. நீர்க்கட்டி இருக்குன்னு அஞ்சு நாளைக்கு லெட்ரோசோல் மாத்திரை தந்து, திருநெல்வேலியில ஸ்கேன் பாக்காவ. போன மாசம் தீட்டு வந்து 10-ஆம் நாள் முட்டை 13 மில்லிமீட்டர், 12-ஆம் நாள் 17 இருந்துச்சு. "ரெண்டு நாள் கழிச்சு வாங்க, முட்டை வெடிக்க ஊசி போடலாம்"னாவ. 14-ஆம் நாள் போனா முட்டை வெடிச்சிட்டுன்னுட்டாவ. இந்த மாசம் 10-ல 11, 12-ல 14, 14-ல 17.5, 15-ல 19.5. அன்னைக்கு ராத்திரி 10 மணிக்கு ஊசி போடச் சொன்னாவ, எங்க ஊர் நர்சக்கா 7 மணிக்கே போட்டுட்டாவ. இவுக கேரளாவுக்கு லோடு ஏத்திட்டுப் போயிருந்தவுக, மறுநாள் ராத்திரி 11 மணிக்குத்தான் வந்தாவ. 18-ஆம் நாள் ஸ்கேன்ல வெடிச்சிருந்துச்சு. ஊசி போட்ட எட்டாம் நாள் கார்டுல லேசா ரெண்டு கோடு வந்துச்சு, நாலு நாள்ல அதுவும் அழிஞ்சு, தீட்டு வந்துட்டு. என் ஓரகத்திக்கு 12-ஆம் நாளே ஊசி போட்டு தங்கிட்டு. எனக்கு மட்டும் எங்க தப்பு நடந்துச்சு?

பதில்: இந்த மாதம் தப்பு எதுவும் நடக்கவில்லை, தங்கச்சி. போன மாதமும் முட்டை வீணாகவில்லை, தானாக வெளியே வந்திருக்கிறது. ஆனால் அந்த 12-ஆம் நாளுக்கும் 14-ஆம் நாளுக்கும் நடுவில் நீங்கள் இரண்டு பேரும் ஊசிக்காகக் காத்திருந்தீர்கள் என்றால், அந்தக் காத்திருப்பைத்தான் மாற்ற வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்கேனில் கறுப்பாக, உருண்டையாகத் தெரிவது முட்டை அல்ல. அது முட்டை வளர்கிற நீர் நிறைந்த பை. உள்ளே இருக்கும் முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், எந்த ஸ்கேனிலும் அது நம் கண்ணுக்குப் படாது. பையின் அளவை வைத்து, உள்ளே முட்டை எவ்வளவு பக்குவப்பட்டிருக்கும் என்று கணக்குப் போடுகிறோம், அவ்வளவுதான். அதனால் 18 வந்தால்தான் ஊசி என்பது ஒரு கோடு போட்ட எல்லை கிடையாது. உங்கள் ஸ்கேன் சீட்டை எடுத்துப் பாருங்கள். RO என்று இருப்பது வலது சினைப்பை, LO இடது, ET என்பது கர்ப்பப்பை உள்சவ்வின் தடிமன். RO பக்கத்தில் 21 x 18 என்று இரண்டு எண்கள் இருந்தால், பையின் நீளத்தையும் அதற்குக் குறுக்கான அகலத்தையும் அளந்திருக்கிறார்கள். கூட்டி இரண்டால் வகுத்தால் 19.5. பை கோழிமுட்டை மாதிரி நீண்டு இருக்கும்போது நீளத்தை மட்டும் அளந்து 21 என்று சொல்பவர்களும் உண்டு. ஒரே பையை இரண்டு பேர் அளந்தால் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வருவது சாதாரணம். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே ஆளிடம் ஸ்கேன் பாருங்கள் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பை பெரிதாகி முன்னணிக்கு வந்த பிறகு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை வளரும். உங்களுக்கு இந்த மாதம் 12-ஆம் நாளிலிருந்து 15-ஆம் நாளுக்குள் 14-லிருந்து 19.5 வந்திருக்கிறது. மூன்று நாளில் ஐந்தரை. பாடப்புத்தகத்தில் போடுகிற மாதிரியான வளர்ச்சி.

உங்கள் ஓரகத்திக்கு 12-ஆம் நாளில் போட்டார்கள் என்றால், அவருக்கு அன்றைக்கே பை அந்த அளவுக்கு வந்திருக்கும். தீட்டு வந்த முதல் நாளிலிருந்து எண்ணுகிற அந்த நாள் கணக்கை வைத்து ஊசி முடிவாவதில்லை. நீர்க்கட்டி உள்ள பெண்களுக்குப் பை கிளம்புவதே தாமதமாகத்தான் இருக்கும். 15-ஆம் நாளும் சரி, 18-ஆம் நாளும் சரி, பை பக்குவமாகிற நாள்தான் அவரவர் நாள். இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். "அவளுக்கு அன்னைக்கே போட்டாவளே" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே எத்தனையோ பிள்ளைகள் மனசு உடைந்து என்னிடம் வருகிறார்கள்.

போன மாதம் 17 இருந்தும் ஏன் போடவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த ஊசியில் இருப்பது எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். நம் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, முட்டை பக்குவமானதும் எல்.எச். என்ற ஹார்மோனைத் திடீரென்று அள்ளி விடும். அதுதான் பையை வெடிக்கவைக்கிற இயற்கையான உத்தரவு. எச்.சி.ஜி. அந்த எல்.எச்.சைப் போலவே இருப்பதால், அதே வேலையைச் செய்கிறது. ஆனால் உத்தரவு வந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்கப் பையின் சுவரிலுள்ள செல்களும் தயாராக இருக்க வேண்டும். எல்.எச்.சைப் பிடித்துக்கொள்கிற ஏற்பிகள், பை வளர வளரத்தான் அந்தச் செல்களில் நிறைகின்றன. 14, 15 அளவில் அவசரப்பட்டு ஊசி போட்டால், பை வெடிக்காமல் அப்படியே கெட்டியாகிவிடலாம், அல்லது பக்குவமாகாத முட்டை வெளியே வரலாம். வெளியே வந்த முட்டையைத் திரும்ப உள்ளே அனுப்பிப் பழுக்கவைக்க முடியாது. அதனால்தான் லெட்ரோசோல் மாத்திரையில் வளரும் பைக்கு 18-லிருந்து 20 வரை, சில நேரம் அதற்கும் கொஞ்சம் மேலே வரட்டும் என்று பொறுக்கிறோம். தினமும் ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிற சிகிச்சையில் 17, 18-லேயே போட்டுவிடுவதும் உண்டு.

17 என்பது வாசல்படியில் நிற்கிற அளவு. நாளைக்கு இரண்டு வீதம் வளர்ந்தால் இரண்டு நாளில் 21. அதனால் உங்கள் டாக்டர் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் உங்கள் உடம்பு அதற்குள் தானாகவே எல்.எச்.சை விட்டுவிட்டது. அந்த ஏற்றம் தொடங்கி ஏறத்தாழ 34-லிருந்து 36 மணி நேரத்தில் பை வெடிக்கும். 14-ஆம் நாள் காலையில் வெடித்திருந்தது என்றால், நீங்கள் 12-ஆம் நாள் ஸ்கேன் முடித்து பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்று இரவுக்குள்ளாகவே உத்தரவு போயிருக்கும். இது உங்களுக்கு நல்ல செய்தி. மாத்திரை கொடுத்தால் உங்கள் உடம்பு ஊசி இல்லாமலேயே முட்டையை வெளியே விடுகிறது என்று அது காட்டுகிறது. தானாக வெடிக்கிற பெண்களுக்கு, வீட்டிலேயே தம்பதியர் சேர்ந்திருந்து முயற்சி செய்யும்போது, இந்த ஊசி கர்ப்பம் தங்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை. ஊசியின் பெரிய பயன், வெடிக்கிற நேரம் முன்கூட்டியே தெரிந்துவிடுவது. அது நேரம் குறிக்கிற ஊசி. அது போட்டால்தான் பிள்ளை தங்கும் என்று நினைக்க வேண்டாம்.

அந்த நேரக் கணக்கை உங்கள் மாதத்தை வைத்தே போட்டுப் பார்ப்போம். 15-ஆம் நாள் செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 7 மணிக்கு ஊசி. ஊசி போட்டதிலிருந்து 36 முதல் 40 மணி நேரத்துக்குள் பை வெடிக்கும். அப்படியானால் வியாழக்கிழமை காலை 7 மணிக்கும் 11 மணிக்கும் இடையில். உங்கள் வீட்டுக்காரர் புதன்கிழமை இரவு 11 மணிக்கு வந்துவிட்டார். அன்று இரவே சேர்ந்திருந்தீர்கள் என்றால், முட்டை வெளியே வருவதற்கு எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்பே உயிரணுக்கள் உள்ளே போய்த் தயாராக நின்றிருக்கும். இதைவிடப் பொருத்தமாக அமைவது கஷ்டம்.

10 மணி 7 மணி ஆனதிலும் குறை ஒன்றும் இல்லை. இரவு 10 மணி என்று நாங்கள் எழுதுவது பெரும்பாலும் ஐ.யு.ஐ., அதாவது விந்தணுவைக் குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துகிற சிகிச்சை, செய்கிறவர்களுக்கான பழக்கம். செவ்வாய் இரவு 10 மணிக்குப் போட்டால் 36 மணி நேரம் வியாழன் காலை 10 மணிக்கு முடிகிறது, ஆஸ்பத்திரி வேலை நேரத்தோடு ஒத்துப்போகிறது. டெஸ்ட்டியூப் சிகிச்சையில் முட்டையை ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். அங்கேதான் நேரம் துல்லியமாக இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் முந்திப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லாமல் விட்டால், எடுக்கப் போவதற்குள் பைகள் வெடித்துப் போகலாம். உங்கள் மாதிரி வீட்டிலேயே முயற்சி செய்கிறவர்களுக்கு மாலை 6 மணியானாலும் இரவு 10 மணியானாலும் ஒன்றுதான், போட்ட நேரத்தை மட்டும் சீட்டில் குறித்து வையுங்கள். ராத்திரி நேரத்தில் ஆள் தேடி அலைய வேண்டாம், உங்கள் நர்சக்கா கையால் போட்டதே போதும். ஊசி மருந்தைத் திருநெல்வேலியில் வாங்கினால் ஐஸ் பையில் வைத்துக் கொண்டுபோங்கள். வீட்டில் ஃபிரிட்ஜில், கதவுப் பக்கத்தில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். ஃப்ரீஸரில் வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் பஸ் சன்னலோரம் ஒரு மணி நேரம் கைப்பையில் கிடந்த மருந்தை நம்பிப் போடுவது எனக்குப் பிடிக்காத காரியம்.

இனி, மாற்ற வேண்டிய அந்த ஒரு விஷயம். வெளியே வந்த முட்டைக்கு ஆயுள் 12-லிருந்து 24 மணி நேரம்தான். ஆனால் உயிரணுக்கள், முட்டை வரும் நாட்களில் சுரக்கும் அந்த வழுவழுப்பான தெளிந்த திரவத்துக்குள் இரண்டு மூன்று நாள் தெம்பாக இருக்கும், ஐந்து நாள் வரைகூட தாங்கும். ஆகையால் முட்டை வந்து காத்திருப்பதை விட, உயிரணு போய்க் காத்திருப்பதுதான் பலன் தரும். பை 15, 16 வந்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருங்கள். ஊசி போட்ட பிறகுதான் என்று யாரும் சொல்லியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். போன மாதம் 12-ஆம் நாளும் 13-ஆம் நாளும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்திருந்தால், ஊசி தவறிப்போனதே ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

லோடு வண்டி ஓட்டுகிறவருக்கு இதை எப்படிச் சொல்வது? இதற்கும் அதே கணக்குதான். 12-ஆம் நாள் சனிக்கிழமை 14 என்று தெரிந்ததும், 20-க்கு இன்னும் ஆறு, நாளைக்கு ஏறத்தாழ இரண்டு வீதம் மூன்று நாள், ஆக செவ்வாய்க்கிழமை என்று அன்றைக்கே போட்டுவிடலாம். சனிக்கிழமையே அவருக்கு போன் போட்டு, "திங்கள் ராத்திரியிலேருந்து வியாழன் காலை வரைக்கும் புளியரை தாண்டுகிற லோடு எடுக்காதிய" என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேன் நடக்கிற வாரம் முழுக்க வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டியதில்லை.

உங்கள் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். 17 வந்த அன்று, இரண்டு நாள் இடைவெளி விடாமல் மறுநாளே ஒரு ஸ்கேன் வைக்க முடியுமா என்பது ஒன்று. இந்த மாதம் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், போன மாத அனுபவத்தை அவர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுநாள் பஸ் ஏறினால் அன்றைய பீடிக் கணக்கு போய்விடும் என்றால், சிறுநீரில் எல்.எச். பார்க்கிற கார்டு மருந்துக்கடையில் கிடைக்கும், அதைப் பயன்படுத்தலாமா என்பது இரண்டாவது. 16, 17 அளவு வந்ததிலிருந்து தினமும் மத்தியானத்துக்கு மேல் பாருங்கள். சோதனைக் கோடு பக்கத்திலுள்ள கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ வந்தால் எல்.எச். ஏறிவிட்டது, ஒன்று ஒன்றரை நாளில் வெடிக்கும். ஒரு எச்சரிக்கை: நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், கார்டு நாலைந்து நாள் தொடர்ந்து அடர்த்தியாகக் காட்டி ஏமாற்றும். அதனால் ஸ்கேனோடு சேர்த்துத்தான் அதை நம்ப வேண்டும்.

அளவு சரியாக வந்தும் "இந்த மாசம் ஊசி வேண்டாம்" என்று டாக்டர் சொல்கிற நாளும் வரலாம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பைகள் 15 அளவைத் தாண்டி வளர்ந்திருந்தால் அப்படிச் சொல்வோம், அந்த வாரம் சேர்ந்திருக்கவும் வேண்டாம் என்போம். மூன்று பிள்ளைகள் ஒரே வயிற்றில் தங்கினால் குறைப்பிரசவமும் தாய்க்கு ரத்த அழுத்தமும் வரும் ஆபத்து அதிகம். கைக்கு வந்ததைக் கெடுக்கிறார்கள் என்று அப்போது கோபப்படாதீர்கள். லெட்ரோசோலில் பெரும்பாலும் ஒரு பைதான் முன்னேறும், ஆகவே உங்களுக்கு இது வர வாய்ப்பு குறைவு.

வெடித்ததை உறுதி செய்கிற ஸ்கேன் 18-ஆம் நாள் வைத்தது நல்லது. 17-ஆம் நாள் காலை 8 மணிக்கே வைத்திருந்தால், இன்னும் நேரம் முடியாததால் பை அப்படியே இருந்து உங்களைப் பயமுறுத்தியிருக்கும். வெடித்த பை சுருங்கி ஓரம் கோணல்மாணலாக இருக்கும், கர்ப்பப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர் தேங்கியிருக்கும். சிலருக்கு இரண்டு மூன்று நாள் கழித்தும் பை வெடிக்காமல் 25, 30 என்று பெருத்துக்கொண்டே போகும். உள்ளே கறுப்பாக இருந்தது சாம்பல் நிறமாக மங்கும். முட்டை உள்ளேயே அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். உங்களிடம் இதை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்து சுளகு மடியில் வைத்து பீடி சுற்றுகிறவர்கள் முதுகுவலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் என்று வாங்கி விழுங்குவதைத் தினமும் பார்க்கிறேன். பை வெடிக்கத் தேவையான புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இந்த மாத்திரைகள் தடுத்துவிடும். பை 15 வந்ததிலிருந்து வெடித்தது உறுதியாகும் வரை இவற்றைத் தொடாதீர்கள். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும்.

அந்த இரண்டு கோடு பற்றி எழுதியபோது உங்கள் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. கர்ப்பக் கார்டு தேடுவது எச்.சி.ஜி.யைத்தான். ஊசியில் போட்டதும் அதே எச்.சி.ஜி. 5,000 யூனிட் போட்டால் உடம்பை விட்டு முழுதாகப் போகப் பத்து நாள் வரைகூட ஆகும், 10,000 யூனிட் என்றால் இன்னும் சில நாள். எட்டாம் நாள் மங்கலாகத் தெரிந்து நாலு நாளில் அழிந்த கோடு ஊசியின் மிச்சமாகத்தான் இருக்கும். உண்மையான கர்ப்பமாக இருந்தால் கோடு நாளுக்கு நாள் அடர்த்தியாகும். ஒரு பிள்ளை தங்கிக் கலைந்துவிட்டது என்று நினைத்து அழ வேண்டாம். அடுத்த முறை ஊசி போட்ட 16-ஆம் நாள்வரை கார்டை வாங்கி வீட்டில் வைக்கவே வேண்டாம்.

எல்லாம் சரியாக அமைந்தும் ஏன் தங்கவில்லை? எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதியர் நூறு பேர் முயன்றாலும் ஒரு மாதத்தில் இருபது இருபத்தைந்து பேருக்குத்தான் தங்கும். நீங்கள் முட்டை வெடித்த இரண்டு மாதத்தைத்தான் தாண்டியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு விந்தணுப் பரிசோதனை செய்தாயிற்றா? உங்களுக்குக் கருக்குழாய் அடைப்பில்லை என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாயிற்றா? இன்னொரு மாதம் ஸ்கேனுக்கு அலைவதற்கு முன் விந்தணுப் பரிசோதனையை முடித்துவிடுங்கள், அதற்கு அதிகச் செலவில்லை, அரை நாள் வேலை. கருக்குழாய் எக்ஸ்ரேயைத் தீட்டு நின்றதும், 10-ஆம் நாளுக்குள், எப்போது எடுக்கலாம் என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் இதே முறையில் முட்டை வெடிக்கிற மாதங்களாக மூன்றிலிருந்து ஆறு வரை பார்க்கலாம். அதற்குப் பிறகும் தங்கவில்லை என்றால் மாத்திரையையே நீட்டிக்கொண்டிருக்காமல், ஐ.யு.ஐ. போன்ற அடுத்த வழியைப் பேச வேண்டும். அந்தப் பேச்சுக்குப் போகும்போது இரண்டு மாத ஸ்கேன் சீட்டுகளையும், ஊசி போட்ட நேரம் எழுதியதையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.